சகலைக்குப் போட்ட ஜாமீன்

என் சகலை தாய்நாடு திரும்புவதன் விலை முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம். நான் வைத்த விலையல்ல, அரசாங்கம் வைத்தது. கல்விக் கட்டணம், மாதப் படி, போகவர விமான டிக்கெட், புத்தகச் செலவு, படிப்பு விடுப்பில் இருந்தபோது வாங்கிய சம்பளம் என்று இரண்டு வருடத்துக்கும் வரிவரியாகக் கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தார்கள். படித்து முடித்து முப்பது நாளுக்குள் வேலையில் சேர வேண்டும், ஐந்து வருடம் துறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொகையையும் ஒன்பது சதவீத வட்டியையும் எடுத்து வைக்க வேண்டும். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு கழியும், இரண்டு வருடம் பார்த்தால் இரண்டு பங்கு. மற்றபடி பேரம் கிடையாது. நாட்டுப்பற்றுக்கு இவ்வளவு தெளிவாக விலைச்சீட்டு ஒட்டி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பத்திரத்தில் மூன்று கையெழுத்து. ஒன்று அவனுடையது. இரண்டாவது, சொத்து ஜாமீன் என்ற வகையில், எங்கள் இருவருக்கும் பெண் கொடுத்த மாமனாருடையது. மூன்றாவது, நிரந்தர அரசு ஊழியர் ஜாமீன் என்ற வகையில், என்னுடையது. அவன் பணம் கட்டவில்லையென்றால் எங்கள் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

நான் ஏன் போட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். நானும் சகலையும் ஒரே துறை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்த நேரத்தில் எந்த ஊருக்குள் புகும் என்று கணக்குப் போடுகிற பிரிவு. வெளிநாட்டு உதவித்தொகைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். இருந்தது ஒரே இடம். அவன் தேர்வானான். நான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். அந்தப் பட்டியலில் மொத்தமே ஓர் ஆள்தான்.

அவனுடைய மருத்துவப் பரிசோதனை நாளன்று நான் செய்த பிரார்த்தனையை வெளியில் சொல்ல முடியாது. பெரிய வியாதி எதையும் கேட்கவில்லை. தட்டைப் பாதம், லேசான நிறக்குருடு, அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன். ஆள் குதிரை மாதிரி வெளியே வந்தான்.

மாமனாருக்கு இரும்புக் கடை. தாழ்ப்பாள், கீல், ஆணி, குழாய், வாளி. முன்னால் கடை, பின்னால் கிடங்கு. அன்று மாலை என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் சகலை உட்கார்ந்திருந்தான். எனக்கு உட்கார ஆணிப் பெட்டியைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார் மாமனார். "நான் என் கடையையே எழுதிக் குடுத்திருக்கேன். உங்களுக்கு மை மட்டும்தான் செலவு."

"யோசிச்சு சொல்றேன் மாமா."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? உங்களுக்குக் கிடைக்கலைங்கற வருத்தமா?"

கடையில் கீல் வாங்க வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதோடு வழி அடைபட்டது. போடவில்லையென்றால் பொறாமை என்பார்கள். பொறாமை இருந்ததால்தான் அப்படிச் சொல்லிவிடக் கூடாதே என்று பதறினேன். மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். உள்ளூர் முகவரி என்ற இடத்தில் யார் முகவரி என்று கேட்டார்கள். பெருந்தன்மை தலைக்கேறிப்போய் என் வீட்டு முகவரியையே எழுதச் சொன்னேன்.

"அண்ணா, இந்த உதவியை மறக்கவே மாட்டேன்" என்றான் சகலை. அவன் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அதையும் உண்மையான மரியாதையோடு கூப்பிடுவான். வெறுப்பதற்கு ஒரு பிடி கொடுக்காத ஆள்.

அடுத்த இரண்டு வருடம் என் வீட்டில் ஓடியது சகலையின் படிப்புதான். என் மனைவியும் அவன் மனைவியும் அக்கா தங்கை. தங்கையும் அவனோடு போயிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் வீடியோவில் வருவார்கள்.

"ஏங்க, இங்க வாங்களேன். அவங்க வீட்டு அடுப்பைப் பாருங்க. தீயே இல்லை, ஆனா கொதிக்குது."

"நம்ம வீட்டுலயும் அப்படித்தானே" என்றேன். "தீயே இல்லாம நான் கொதிக்கறேன்."

"உங்களுக்கு எல்லாத்துலயும் நக்கல். அவர் பாத்திரம் கழுவறார், தெரியுமா?"

"அரசாங்கக் காசுல கழுவறான்."

"நீங்க சொந்தக் காசுலதான் கழுவுங்களேன்!"

கண்ணாடிச் சுவர் நூலகத்தின் முன் நின்று ஒரு படம் அனுப்பினான். சாம்பல் நிற மேல்கோட்டு, கையில் காகிதக் கோப்பை. அந்தக் கோட்டின் தோள்பட்டையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அளவு எனக்கும் சரியாக இருந்திருக்கும். அதுதான் என் கஷ்டம். அவனிடம் இருந்தது எதுவும் எட்டாத பொருளாகத் தெரியவில்லை. எல்லாம் என் அளவில் தைத்து, விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்ததாகவே தெரிந்தது.

படிப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போது போன் வந்தது. அவன் படித்த பல்கலைக்கழகத்திலேயே வெள்ள முன்னறிவிப்பு ஆய்வகத்தில் இரண்டு வருட வேலை கொடுக்கிறார்கள் என்றான். அரசாங்கம் செலவு செய்ய வேண்டியதில்லை. விதிப்படி நீட்டிப்புக் கேட்கலாம். ஐந்து வருடம் குறையாது, தள்ளித்தான் போகும்.

"விண்ணப்பம் அனுப்பிட்டேன் அண்ணா. ஆனா ஜாமீன் போட்ட ரெண்டு பேரும் சம்மதக் கடிதம் குடுக்கணுமாம். முத்திரைத் தாள்ல, நோட்டரி முன்னாடி. படிப்பு முடிஞ்ச முப்பது நாளுக்குள்ள ஆபீஸ்ல இருக்கணும். மாமா இன்னிக்கே போட்டுடறேன்னாரு. நீங்களும் போட்டு, ரெண்டையும் சேர்த்துக் குடுத்துட்டா போதும்."

"அதுக்கென்ன, போட்டுட்டா போச்சு" என்றேன்.

"அப்புறம் அண்ணா... அவ முழுகாம இருக்கா. அஞ்சு மாசம். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

முதலில் என்னிடம்! என் மனைவியைக்கூட முந்திக்கொண்டு அந்தச் செய்தி என்னிடம் வந்திருக்கிறது. எந்த முகத்தோடு சந்தோஷப்படுவது என்று தெரியாமல், "நல்லாப் பாத்துக்கோ" என்றேன்.

மாமனார் அன்றே கையெழுத்துப் போட்டு, கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். என்னுடையதைத் தட்டச்சு செய்து, முத்திரைத் தாளில் எடுத்து, அலுவலகப் பைக்குள் வைத்தேன். வைத்த இடத்திலேயே அது இருந்தது.

கணக்கு இப்படி ஓடியது. போட்டால், அவன் அங்கே இரண்டு வருடம் ராஜாவாக இருப்பான். போடாவிட்டால், திரும்பி வருவான். வந்தால்? வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவருக்குப் புதிதாகத் தொடங்கும் முன்னறிவிப்புப் பிரிவின் தலைமை என்று சுற்றறிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. என் மேஜை அந்தப் பிரிவுக்குள்தான் இருந்தது. அவன் அங்கே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எரியும், இங்கே வந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை எரியும். அங்கே இருக்கவும் கூடாது, இங்கே வரவும் கூடாது. அப்படி ஒரு கட்டத்தை எந்த விண்ணப்பப் படிவத்திலும் அச்சடித்திருக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு மூன்றாம் வழி தெரிந்திருந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். நான் மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார்கள். என் பெரியப்பா ஒருவருக்கு ஜாமீன் நின்றார். கடன் கொடுத்தவர் பெரியப்பாவைக் கேட்காமலே கடன்காரனுக்கு ஆறு மாதம் தவணையை நீட்டிக் கொடுத்துவிட்டார். கடன்காரன் கம்பி நீட்டியதும் பெரியப்பா மேல் வழக்குப் போட்டார்கள். 'என் சம்மதம் இல்லாம ஒப்பந்தத்தை மாத்தினீங்க, என் ஜாமீன் அன்னிக்கே முடிஞ்சுது' என்று நின்று, ஒரு காசு கொடுக்காமல் நீதிமன்றத்தை விட்டு இறங்கி வந்தார். எங்கள் குடும்பத்தில் அதை வீரக்கதை மாதிரி சொல்வார்கள். ஆகவே நான் எண்ணினேன்: சம்மதம் கொடுக்காவிட்டால் என் ஜாமீன் கழன்றுவிடும். அவன் பாடு, அரசாங்கம் பாடு.

இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்றால் பொறாமை, நேரமில்லை என்றால் வேலைப்பளு. பத்தாம் நாள் சகலை கேட்டான். "நோட்டரி ஊர்ல இல்லப்பா" என்றேன். இருபதாம் நாள் கேட்டான். "குடுத்தாச்சுப்பா, நீ வேலையைப் பாரு" என்றேன். அந்தப் பொய் வாயிலிருந்து எச்சில் மாதிரி சுலபமாக வந்தது. இடையில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து அவன் பெயருக்கு என் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது: 'ஜாமீன்தாரர்களின் சம்மதக் கடிதங்கள் இணைக்கப்படவில்லை. உரிய நாளுக்குள் சமர்ப்பிக்கவும்.' படித்துவிட்டு அதையும் பைக்குள் வைத்தேன். அவன் கணினியில் பார்த்தால் விண்ணப்பம் 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டிக்கொண்டே இருந்தது. அவனும் நம்பி, அந்த வேலையில் சேர்ந்துவிட்டான்.

முப்பது நாள் முடிந்தது. அதற்கடுத்த இருபதாம் நாள் பதிவுத் தபால் வந்தது. மூன்று பேருக்கும் தனித்தனி உறை. ஒப்பந்த மீறல், அசல் இவ்வளவு, மீறிய நாளிலிருந்து வட்டி இவ்வளவு, அறுபது நாளுக்குள் கட்டத் தவறினால் முதலில் அரசு ஊழியர் ஜாமீன்தாரரின் சம்பளத்தில் பிடித்தமும், பிறகு சொத்து ஜாமீன்தாரரின் சொத்தில் ஜப்தியும்.

அரசு ஊழியர் ஜாமீன்தாரர் என்பது நான்.

நேராக உதவித்தொகை அலுவலகத்தின் பத்திரப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு கண்காணிப்பாளர் அம்மா. அறை முழுக்கப் பச்சைக் கோப்புகள். மேஜை மேல் டிபன் பாக்ஸ், அதற்குப் பக்கத்தில் காணாமல்போன பட்டதாரிகளின் பட்டியல். பெரியப்பாவின் வழக்கைக் கம்பீரமாக எடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"முடிச்சிட்டேன்."

"உங்க பெரியப்பா கேஸ்ல தவணையை நீட்டினாங்க. அவரைக் கேட்காம நீட்டினாங்க. அதனால தப்பிச்சாரு. இங்க நாங்க நீட்டினோமா?"

"இல்லை."

"ஏன் நீட்டலை?"

"என் சம்மதம் இல்லாததால."

"அதேதான். உங்க சம்மதம் இல்லாம மாத்தியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க. நாங்க மாத்தவே இல்லையே. பழைய பத்திரம் அப்படியே உயிரோட இருக்கு, நீங்களும் அதுக்குள்ள பத்திரமா இருக்கீங்க. உங்களை மாதிரி ஆளுங்க தப்பிச்சிடக் கூடாதுன்னுதான் சார் அந்தச் சம்மதக் கடிதமே கேக்கறோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சட்டத்தை நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. சட்டையைத் தலைகீழா மாட்டிட்டீங்க, அவ்வளவுதான்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பிறத்தியான் வீட்டுக்கு வைத்த தீயில் என் சம்பளம் முதலில் எரியப்போகிறது.

ஆனால் அதற்கடுத்த மூன்று வாரம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், என் வாழ்க்கையின் சிறந்த மூன்று வாரம். மாமனார் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. சின்னவன் நம்ம தலையில கல்லைப் போட்டுட்டான். நீட்டிப்பு வாங்கிடுவேன், எல்லாம் ஓகேன்னான். இப்போ பாருங்க, ரெண்டு பேர் கழுத்துலயும் கயிறு."

"அவன் என்ன சொல்றான் மாமா?"

"எல்லாம் குடுத்தாச்சேன்னு முழிக்கறானாம். நம்ம கடிதம் ரெண்டையும் நீங்க குடுத்தாச்சு, இவன்தான் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டான், நல்லா நடிக்கறான். நான் போனையே எடுக்கலை." காபி வரவழைத்தார். எனக்கு முதல் டம்ளர். "நீங்க ஒரு வார்த்தை பேசலை பாருங்க. உங்க சம்பளத்துலயும் கை வைக்கப்போறாங்க, வாயைத் திறக்கலை. தங்கம்யா நீங்க. அன்னிக்கு உங்களைப் பொறாமைக்காரன்னு நினைச்சேன், மன்னிச்சுக்கோங்க."

பதினொரு வருடமாக நான் அந்த ஸ்டூலுக்கு ஏங்கியிருக்கிறேன். உட்கார்ந்தபோது அது ஒரு காலில் ஆடியது. ஆடினாலும் எழுந்திருக்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எடுப்பதில்லை. "அடுப்பு வேணும், கோட்டு வேணும், ஊர் வேணும். அப்பா கடை மட்டும் வேணாமா அவங்களுக்கு?" என்பாள். எனக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றுவாள். என்னை யாரோடும் ஒப்பிடாமல் ஒரு வாரம் முழுதாகப் போனது.

பிறகு மாமனார் கிடங்கை விற்க ஆள் பார்க்கத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை தரகரும் வாங்குகிறவரும் வந்து, கிடங்கின் நீள அகலத்தை நாடா பிடித்து அளந்தார்கள். பேரம் பேசியே வளர்ந்த மனிதர், அன்று வந்தவன் சொன்ன முதல் விலைக்கு 'யோசிக்கறேன்' என்றார். சொல்லும்போது வாளி அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதல் விலையைக் கேட்டுச் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மதியம், அலுவலகத்தில் இருக்கும்போது சகலை கூப்பிட்டான்.

"அண்ணா, நான் வந்துடறேன்."

"எங்கே வர்றே?"

"ஊருக்குத்தான். வேலையை விட்டுடறேன்னு இங்க சொல்லிட்டேன். வந்து டூட்டில சேர்ந்துட்டா, தாமதத்தை மன்னிச்சு நோட்டீசை எடுத்துடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. மாமா கடையைத் தொடக் கூடாது அண்ணா. உங்க சம்பளத்தையும்."

"அவ?"

"இப்ப எட்டாவது மாசம். ஏத்த மாட்டாங்க பிளைட்ல. இங்கேயே தெரிஞ்சவங்க வீட்டுல விட்டுட்டு வர்றேன். பிரசவத்துக்கு நான் இருக்க மாட்டேன், பரவாயில்லை. அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? சம்மதக் கடிதத்தை எந்த கவுன்ட்டர்ல குடுத்தீங்க? ரசீது இருந்தா தேடிப் பாருங்களேன். அவங்கதான் தொலைச்சிருப்பாங்க."

அவன் சந்தேகப்படவில்லை. அலுவலகம்தான் தொலைத்திருக்கும் என்று நினைக்கிறான். நான் பையைப் பார்த்தேன். இரண்டு கடிதமும் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தன.

இந்த இடத்தில் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். முதலில் விழித்தது அதுவல்ல. அவன் விமான நிலையத்தில் வந்து இறங்குவது கண்ணில் தெரிந்தது. குடும்பத்துக்காக வேலையை உதறியவன், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இல்லாதவன், மாமனாரின் கிடங்கைக் காப்பாற்றியவன். மாமனார் ஸ்டூலை இழுத்துப் போடுவார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுஷன்னா அவர்தான்" என்பாள். நான் வெட்டிய குழியிலிருந்து அவன் மாலையோடு ஏறி வருவான். உதவித்தொகை அவனுக்கு, கோட்டு அவனுக்கு, தலைமைப் பதவி அவனுக்கு. தியாகமும் அவனுக்கேயா? அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"டிக்கெட் போடாதே" என்றேன். "ரெண்டு நாள் இரு."

"ஏண்ணா?"

"இருன்னா இரு."

அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. தெரிந்தவர் வீட்டில் எட்டு மாத வயிற்றோடு நிற்கும் கொழுந்தியாளின் முகம், நாடாவை இழுத்துப் பிடித்த தரகரின் கட்டைவிரல். நல்ல காரணம் பின்னால்தான் வந்தது, ஆனாலும் வந்து சேர்ந்தது.

பத்திரப் பிரிவு அம்மா இந்த முறை டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். வழியில் நோட்டரி முன்னால் என்னுடையதிலும் கையெழுத்துப் போட்டிருந்தேன்; இரண்டு சம்மதக் கடிதங்களையும், அவற்றைக் கேட்டு வந்திருந்த கடிதத்தையும் மேஜையில் வைத்தேன். தேதிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது எங்க இருந்தது?"

"என் பையில."

"மாமனார் தேதியைப் பார்த்தா, அவர் அன்னிக்கே போட்டிருக்காரு. பையன் விண்ணப்பமும் நாளுக்குள்ள வந்திருக்கு. அப்போ தாமதம் முழுக்க உங்களோடதா?"

"ஆமா."

"குழுவுக்கு வைக்கலாம். தாமதத்தை மன்னிக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா பட்டதாரி மேல தப்பு இல்லைன்னு காட்டணும். யாரால தாமதமோ அவங்க கைப்பட விளக்கம் எழுதணும். ஆபீஸ் தொலைச்சிட்டதுன்னு எழுதினா நான் சும்மா விட மாட்டேன்." ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "இன்னொண்ணு. விளக்கத்தோட நகல் மூணு தரப்புக்கும் போகும். மாமனாருக்கும்."

"காரணம்னு என்ன எழுதறது?"

"என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேலைப்பளுவா?"

பேனாவைத் திறந்தேன். வேலைப்பளு என்று எழுதினால் குழு தள்ளிவிடும் என்று அவர் முகமே சொன்னது. கடைசியில் எழுதினேன்: 'மேற்படி உதவித்தொகைக்கு நானும் விண்ணப்பித்துக் கிடைக்கப் பெறாதவன். அந்த வருத்தத்தின் காரணமாக, இரு சம்மதக் கடிதங்களையும் சமர்ப்பிக்காமல் என்னிடமே வைத்திருந்தேன். சமர்ப்பித்துவிட்டதாகப் பட்டதாரியிடம் பொய் சொன்னேன். அவர் மீது தவறில்லை.' நாலு வரி. மொத்தப் பத்திரத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

அம்மா படித்தார். "இருபத்திரண்டு வருஷமா இந்த சீட்ல இருக்கேன் சார். மாரடைப்பு, வெள்ளம், கல்யாணம், நாய்க்கடி, எல்லாம் எழுதிக் குடுத்திருக்காங்க. இதை யாரும் எழுதினதில்லை." டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு துண்டு தோசையை வைத்து என் பக்கம் நகர்த்தினார். அது பரிவா பரிதாபமா என்று நான் கேட்கவில்லை.

நகல் தபாலில் போவதற்கு முன்னால் நானே கடைக்குப் போனேன். மாமனார் ஸ்டூலைக் காட்டினார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் நிறுத்துக்கொண்டிருந்த ஆணியைத் தராசிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"தரகர்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன் தெரியுமா?"

"திருப்பிக் குடுத்துடலாம் மாமா. குழு ஒத்துக்கும்னு சொல்றாங்க."

"அது ஆகட்டும்." ஆணிகளைப் பொட்டலம் கட்டினார். "சின்னவன் போன் பண்ணப் பண்ண நான் எடுக்கலை. என் பொண்ணு அழுதிருக்கா. அதை யாருகிட்டத் திருப்பிக் குடுப்பீங்க?"

கீழே சிந்தியிருந்த இரண்டு ஆணியைப் பொறுக்கிக் கல்லா மேல் வைத்தேன்.

"அன்னிக்குக் கடையில எல்லார் முன்னாடியும் வருத்தமான்னு கேட்டேனே, அன்னிக்கே ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல மாப்பிள்ளை? வேற ஆளைப் பாத்திருப்பேன். அஞ்சு நிமிஷக் கோபம்." பொட்டலத்தை வாடிக்கையாளரிடம் நீட்டினார். "போங்க. கடை நேரம்."

மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். ஆனால் சில்லறை இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

மனைவி அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் அவங்களைப் பத்திப் பேசினதுனாலயா?"

"இல்லை."

"கொஞ்சம்?"

"கொஞ்சம்."

அவள் எழுந்து போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். எனக்குக் கேட்டது அழுகை மட்டும்தான். யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. இருவருக்கும் ஒரே மாதிரிக் குரல்.

சகலையிடம் நானே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "எனக்குத் தெரிஞ்சிருக்கணும் அண்ணா. எனக்குக் கிடைக்காம உங்களுக்குக் கிடைச்சிருந்தா, நான் ஜாமீனே போட்டிருக்க மாட்டேன்" என்றான். என் மேல் எறிந்தானா எனக்குக் கை கொடுத்தானா, இன்றுவரை தெரியவில்லை.

குழு கூடி ஆணை பிறப்பித்தது. நீட்டிப்பு உண்டு. கேட்டது இரண்டு வருடம், கொடுத்தது ஆணை நாளிலிருந்து ஒன்று. ஐந்து வருடப் பணிக்கடன் குறையாது. இரண்டு ஜாமீன்களும் தொடரும். அசலைக் கேட்பது நிறுத்தப்பட்டது. ஆனால் ஒப்பந்தம் மீறிய நாளிலிருந்து ஆணை நாள் வரை எழுபத்து மூன்று நாள். அதற்கு மட்டும் வட்டி கட்ட வேண்டும். வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு: அறுபத்தொன்பதாயிரத்து நூற்றிருபது.

அது என் வட்டி. அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லப்போனால் அதை நான் கட்டப்போகிறேன் என்பதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. பன்னிரண்டு தவணைக்கு மனு எழுதிக்கொண்டு, முதல் தவணையோடு பத்திரப் பிரிவுக்குப் போனேன். அம்மா கணினியைத் தட்டினார்.

"கட்டியாச்சே சார்."

"என்னது?"

"முழுசும். நேத்து. உங்க சகலை வெளிநாட்டுலேர்ந்து அனுப்பியிருக்காரு. ஒரே தடவையில."

"அது நான் கட்ட வேண்டியது!"

"எங்களுக்கு யார் கட்டினா என்ன? பத்திரத்துல மூணு பேரும் ஒண்ணுதான்." அச்சடித்த ரசீதை நீட்டினார். அதில் அவன் பெயர் இருந்தது.

வாசலிலேயே நின்று போன் போட்டேன். பின்னால் ஏதோ அழுதது. பெண் குழந்தை பிறந்து நாலு நாள்.

"பரவாயில்லை அண்ணா, விடுங்க. ஒரு மாசச் சம்பளம்கூட இல்லை" என்றான். அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு நாக்கில் மிளகாயைத் தேய்த்த மாதிரி இருந்தது. என் ஒரு வருடச் சுமை அவனுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"விட மாட்டேன். மாசாமாசம் அனுப்புவேன். கணக்கு நம்பரைச் சொல்லு."

"அண்ணா..."

"நம்பரைச் சொல்லுடா."

சொன்னான். பக்கத்து வங்கிக்குப் போய் வரிசையில் நின்றேன். பணம் அனுப்பும் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஜன்னலில் இருந்தவர் கேட்டார். கடன் என்று எழுதச் சொன்னேன். பன்னிரண்டாம் தவணை முடிகிற மாதம்தான் அவன் திரும்பி வந்து என் பிரிவின் தலைமையில் உட்கார வேண்டிய மாதமும். ரசீதின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதினேன்:

மொத்தம் 69,120. இன்று அனுப்பியது 5,760. சகலைக்குப் பாக்கி 63,360.